100 டன் நெல் கிடங்கு கட்டுவது எப்படி: தரை உயரத்திலிருந்து தொடங்குங்கள்

டெல்டாவில் எங்கள் உழவர் குழு நெல்லுக்காக ஒரு சின்னக் கிடங்கு கட்டி முடித்திருக்கிறது. "பிளான் அனுப்புங்கள்" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பிளானை மட்டும் அனுப்பினால் எந்த அளவு எதற்காக வந்தது என்று தெரியாது. அதனால் நாங்கள் முடிவெடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன். கடைக்கால், தூண், கூரை டிரஸ் எல்லாம் உங்கள் ஊர்க் கொத்தனாருக்கும் பொறியாளருக்கும் தெரிந்த வேலை, அவற்றைத் தொடவில்லை.

1. முதலில் அட்டி, பிறகுதான் சுவர்

எத்தனை மூட்டை, எப்படி அடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கட்டடத்தின் நீள அகலத்தைப் போட வேண்டும். 100 டன் என்றால் 40 கிலோ மூட்டையில் 2,500 மூட்டை. நெல் நிரம்பிய சணல் சாக்கைப் படுக்க வைத்தால் சுமார் 4.3 சதுர அடி பிடிக்கும், உயரம் அரை அடிக்குக் கொஞ்சம் கூட. 24 அடிக்கு 20 அடி அளவில் ஓர் அட்டி போட்டால் ஒரு வரிசைக்கு 111 மூட்டை. 12 வரிசை அடுக்கினால் சுமார் 1,330. இப்படி இரண்டு அட்டி போட்டால் 2,500 மூட்டையும் அடங்கி, கொஞ்சம் இடம் மிஞ்சும்.

சுவருக்கும் அட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 3 அடி, இரண்டு அட்டிக்கும் நடுவே 6 அடி வழி. ஆக உள்ளளவு 52 அடிக்கு 30 அடி. அந்த 3 அடியைக் குறைத்து இன்னும் கொஞ்சம் மூட்டை ஏற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். மூட்டை சுவரில் சாய்ந்தால் சுவரின் ஈரம் நெல்லுக்கு வரும், எலி வந்தாலும் கண்ணில் படாது, மருந்து வைக்கும்போது அட்டியைச் சுற்றித் தார்ப்பாயை இழுத்துவிடவும் முடியாது.

நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வையுங்கள். வெயில் விழும் சுவர்ப்பரப்பு குறையும். லாரி நிற்கும் மேடையைத் தெற்குப் பக்கம் வைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது அந்தப் பக்கம்தான் ஓரளவு காயும்.

2. பேஸ்மட்டம்: நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய இடம்

எங்களுக்குள் அதிகம் விவாதம் நடந்தது இதில்தான். தரையை உயர்த்துவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் மூன்று உயரம் கேட்கும். தண்ணீருக்கு, அந்த இடத்தில் இதுவரை வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேல் இருந்தால் போதும். எலிக்கு, வெளிப்பக்கம் செங்குத்தாக, வழவழவென்று குறைந்தது 3 அடி வேண்டும். அதற்குக் குறைந்தால் தாவி ஏறிவிடும். வண்டிக்கு, தளம் எவ்வளவு உயரமோ அவ்வளவு. டிராக்டர் டிரெய்லர் ஏறக்குறைய 3 அடி, லாரி 4 அடிக்கு மேல். லாரித் தளமும் நிலையாக நிற்பதில்லை; மூட்டை ஏற ஏறச் சில அங்குலம் இறங்கும்.

சாலை வழியாகச் சரக்கு வரும் அரசுக் கிடங்குகளில் வழக்கமான உயரம் 80 செ.மீ., அதாவது 2 அடி 8 அங்குலம். நாங்கள் மூன்றரை அடி வைத்தோம். டிரெய்லரிலிருந்து இறக்கும்போது அரை அடி மேலே தூக்க வேண்டும், லாரியில் ஏற்றும்போது ஓரடி சரிவில் பலகை போட வேண்டும். இரண்டுமே சுமைதூக்குபவர்கள் சமாளிக்கக்கூடிய அளவு. லாரி நிற்கும் இடத்தை மட்டும் பள்ளமாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. டெல்டாவில் அது குளமாகிவிடும், வேண்டாம்.

இன்னொன்று. இந்த மூன்றரை அடியை எங்கிருந்து அளப்பது? இப்போது இருக்கும் வயல் மட்டத்திலிருந்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள். கட்டி முடித்த பிறகு முற்றத்துக்குக் கிராவல் அடிப்பீர்கள், லாரிச் சக்கரம் புதைகிறது என்று கப்பி போடுவீர்கள், அதன்மேல் இன்னொரு தடவை கிராவல் விழும். ஓரடி அங்கேயே போய்விடும். அதனால் முடிந்த முற்றத்தின் மட்டத்தை முதலிலேயே சுவரில் குறித்து, அங்கிருந்து அளக்க வேண்டும்.

உள்ளே நிரப்பும் மண்ணும் முக்கியம். 12 வரிசை அட்டியின் கீழே ஒவ்வொரு சதுர அடியிலும் சுமார் 110 கிலோ நிற்கும். பக்கத்து வயலின் களிமண்ணை வெட்டிப் போட்டால் செலவு மிச்சம்தான். ஆனால் அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், தரை வெடிக்கும். வெடித்த தரை வழியாக ஈரம் ஏறும், வெடிப்பில் பூச்சி குடியேறும், மருந்து வைத்தால் புகையும் கசியும். கிராவல் அல்லது சவுடு மண்ணை அரை அரை அடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்துக் கெட்டிக்க வேண்டும். கிடங்கோடு 8 அடி அகல மேடையையும் சேர்த்தால் மண் 69 யூனிட் வருகிறது. அதில் காங்கிரீட் கனத்தைக் கழித்தாலும், கெட்டிக்கும்போது மண் இறங்குவதால் ஏறக்குறைய அவ்வளவு மண்ணே தேவைப்படும். மதிப்பீடு போடும்போது பலர் விட்டுவிடும் செலவு இது.

மண்ணுக்கு மேல் மணல், அதன்மேல் கனமான பாலித்தீன் ஷீட்டை ஓரடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, 4 அங்குலம் ஜல்லி காங்கிரீட், அதற்கு மேல் 4 அங்குலம் நல்ல காங்கிரீட் போட்டு வழவழப்பாகத் தேய்த்து முடித்தோம். தரையைக் கட்டம் கட்டமாகப் போட்டு இணைப்பில் தார் ஊற்றுங்கள். டைல்ஸ் தேவையில்லை; மூட்டை விழுந்தால் உடையும், இணைப்பில் நெல் சேரும்.

நெல் வருவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மூன்றடிச் சதுரத் தெளிவான பாலித்தீனைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஷீட்டுக்கு அடியில் துளி கோத்திருந்தால் ஈரம் தரையிலிருந்து வருகிறது. மேல்பக்கம் கோத்திருந்தால் காற்றில் வருகிறது. புதுக் காங்கிரீட் மாதக் கணக்கில் ஈரம் விடும். அதனால் தரை நன்றாக இருந்தாலும் முதல் வருடம் மரச்சட்டம் போடாமல் மூட்டையை வைக்காதீர்கள்.

3. மேடையும் எலியும்

மூன்றரை அடி உயர்த்திவிட்டு, மேடைக்கு ஏற நிரந்தரப் படி கட்டினால் எலிக்கும் அதே படிதான். கழற்றி எடுக்கும் இரும்புப் படி செய்துகொள்ளுங்கள். சாய்வுப்பாதை கேட்பார்கள், கட்டாதீர்கள். மேடையின் விளிம்பு 3 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், கீழே வழவழப்பான சிமெண்ட் பூச்சு. இரவில் பலகையையோ டிரெய்லரையோ மேடையோடு சேர்த்து விட்டுவிட்டுப் போகக் கூடாது. இதைச் சாவி வைத்திருப்பவரின் பொறுப்பாக்குங்கள்.

கதவின் கீழ் ஓரடிக்குத் தகடு அடிக்க வேண்டும். கதவுக்கும் தரைக்கும் இடையே 6 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் சுண்டெலி நுழையும்.

லாரி மேடைக்கு இணையாக நின்று பக்கப் பலகையை இறக்கிவிட்டால் ஏற்றும் வேகம் நன்றாக இருக்கும். அதற்கு மேடைக்கு எதிரே 45 அடியாவது வெற்றிடம் வேண்டும். மேடைக்கு மேல் போகும் கூரை, லாரியின் பாதி வரை நீள வேண்டும். முற்றத்திலிருந்து 15 அடிக்குக் குறையாமல் உயரம் இருக்கட்டும். கூரை மேடையோடு நின்றுவிட்டால், தண்ணீர் சரியாக லாரிக்கும் மேடைக்கும் நடுவே கொட்டும்.

4. காற்றோட்டம்: எப்போது மூடுவது

தரையிலிருந்து 2 அடி உயரத்தில், நடைவழிகளுக்கு நேராகக் கீழ்ச் சாளரங்கள். கூரைக்குக் கீழே மேல் சாளரங்கள். இரண்டுக்கும் வெளியே சன்ஷேட், 6 மி.மீ.க்கு மிகாத கண்ணுள்ள கம்பிவலை, இழுத்து மூடும் இரும்புக் கதவு. கூரையில் சுழலும் டர்போ வென்ட்டிலேட்டரை நான் விரும்புவதில்லை. காரணம் ஒன்றுதான்: மூட முடியாது.

சாளரம் எப்போதும் திறந்திருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் அதிகம். ஈரக்காற்றை உள்ளே விட்டால் நெல் அதைக் குடிக்கும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதமாக இருந்தால் நெல்லின் ஈரம் 13 சதவீதத்தை ஒட்டி நிற்கும். 80ஐத் தாண்டினால் 15ஐ நோக்கி ஏறும். 14க்கு மேல் போனால் பூஞ்சைக்கு வழி.

ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றை உள்ளே, ஒன்றை வெளியே நிழலில் மாட்டுங்கள். காலை 7 மணிக்கு வெளியே 26 டிகிரி, 90 சதவீதம். உள்ளே 30 டிகிரி, 65 சதவீதம் என்று வையுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் வெளியே சுமார் 22 கிராம் தண்ணீர், உள்ளே 20 கிராம். வெளிக்காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் ஈரம் அதிகம்; மூடியே இருக்கட்டும். மதியம் 3 மணிக்கு வெளியே 34 டிகிரி, 50 சதவீதம் என்றால் 19 கிராம்தான். இப்போது திறக்கலாம். அடைமழை நாட்களில் நாள் முழுக்க மூடி வைப்பதுதான் சரி.

அப்புறம், இது உலர்த்தும் இடம் அல்ல. குறுவை நெல் அறுவடை இயந்திரத்திலிருந்து 18, 20 சதவீத ஈரத்தோடு வரும். களத்தில் காய வைத்து, நெல்லின் ஈரத்தை அளக்கும் மீட்டரில் 14க்குக் கீழே பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். ஒரு பருவத்துக்கு மேல் வைப்பதென்றால் 12, 13க்கு இறக்குங்கள்.

5. பூச்சி

நெல்லில் அதிகம் வருவது அந்துப்பூச்சியும் தானியத் துளைப்பானும். பழைய சாக்கோடும் இவை வருகின்றன. காலிச் சாக்கைக் கிடங்குக்குள் சேர்த்து வைக்காதீர்கள். மூட்டை வருவதற்கு முன் கூட்டிப் பெருக்கி, காலித் தரையிலும் சுவரிலும் மாலத்தியான் 50 இ.சி. மருந்தை 1 பங்குக்கு 100 பங்கு தண்ணீரில் கலந்து, 100 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் தெளிக்க வேண்டும். நெல்லின் மேல் நேரடியாகத் தெளிக்கக் கூடாது.

கண்காணிப்புக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த புற ஊதா விளக்குப் பொறியை நான் பரிந்துரைப்பேன். மூலையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் மாட்டினால், மூட்டையில் தெரிவதற்கு முன்பே வண்டு அதில் விழும். எண்ணிக்கை ஏறினால், சாக்குத் தையலில் மாவு தெரிந்தால், அட்டிக்குள் கைவிட்டால் சூடு தட்டினால், புகைமூட்டம் போட வேண்டிய நேரம். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஆளைக் கொல்லும் வாயுவை விடும். அதை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்; உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழையுங்கள். ஒரு வாரமாவது அட்டி மூடப்பட்டிருக்கும். தார்ப்பாயின் ஓரத்தைத் தரையோடு அழுத்த மணல் பைகளைச் சுற்றி வைப்பார்கள். அவர்கள் நடமாட அந்த 3 அடி வழியும், வெடிப்பில்லாத தரையும் அங்கே உதவும்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்டதில் இரண்டு.

எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாமா? போடலாம், ஆனால் அதன் வெளிப்பக்கம் ஃபேன் நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் தகடும் கம்பிவலையும் வேண்டும். சுவிட்ச் எப்போது போடுவது என்பதற்கும் மேலே சொன்ன மீட்டர் கணக்குதான்.

ஹாலோ பிளாக் சுவர் சரியா? இதை நான் முதலில் எழுதவில்லை. கல்லுக்குள் இருக்கும் காலியிடம் எலிக்கும் பூச்சிக்கும் வசதியான வீடு. ஏற்கெனவே கட்டியிருந்தால், கீழிருந்து நான்கு வரிசைக்காவது துளைகளைக் காங்கிரீட்டால் நிரப்பி, சாளரத்தைச் சுற்றியுள்ள கற்களையும் அடைத்து, இரண்டு பக்கமும் பூசிவிடுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் செங்கல் அல்லது கெட்டிக் கல்லுக்குப் போவது நல்லது.