மெத்தைக்கு விவரம் எழுதுவது எப்படி: அமுங்கும், உழைக்கும், மீளும்

களுவாஞ்சிகுடியில் மச்சானுடைய தளபாடக் கடைக்கு வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் விவரம் எழுதிப் போடுவது நான்தான். படம் எடுப்பது, விலை போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. மெத்தைக்கு என்ன சொல் போடுவது என்பதில்தான் நான் ஒரு தடவை நன்றாகச் சறுக்கினேன்.

ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர், நாரிப் பிடிப்புக்காரர். டொக்டர் இறுக்கமான மெத்தையில் படுக்கச் சொல்லியிருந்தார். நான் எழுதியிருந்த "அடர்த்தி 32, உயர்தரம்" என்பதைப் பார்த்து ஆறங்குல மெத்தை ஒன்றை எடுத்துப் போனார். நாலாம் நாள் கடைக்கு வந்தார். "தம்பி, அடர்த்தி கூட எண்டு போட்டிருந்தீங்க. நான் அத இறுக்கம் எண்டுதான் எடுத்தன். இடுப்பு உள்ளுக்க போகுது, விடிய எழும்பேலாம கிடக்கு." மெத்தையில் பிழை இல்லை. அது உண்மையிலேயே 32 தான். பிழை என் சொல்லில்.

1. அடர்த்தியையும் இறுக்கத்தையும் பிரித்து எழுதுங்கள்

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள், மற்றவை இலகு.

அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் நிறை. 32 என்றால் 32 கிலோ. இறுக்கம் என்பது அழுத்தினால் அது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பது. ஒரே 32 அடர்த்தியில் பஞ்சு போன்ற ஃபோமும் செய்யலாம், பலகை போன்றதும் செய்யலாம். தயாரிக்கும்போது சேர்க்கும் இரசாயனங்களைப் பொறுத்தது. ஒரே வகை ஃபோமில் அடர்த்தி கூடினால் கிடைப்பது உழைப்பு: குழி விழாமல் கூடுதல் காலம் தாங்கும்.

ஆனால் தமிழில் "அடர்த்தி" என்றதும் காடு, முடி, கஞ்சி என்று கெட்டியான ஒன்றுதான் மனதில் வருகிறது. அதனால் நான் இப்போது அந்தப் பெயர்ச்சொல்லை முன்னால் போடுவதில்லை, வினைச்சொல்லால் எழுதுகிறேன். இறுக்கத்துக்கு "அமுங்கும்", அடர்த்திக்கு "உழைக்கும்". 32 என்ற எண்ணை "உழைக்கும்" என்ற வரிக்குள் மட்டும் வைக்கிறேன்.

"கடினமான மெத்தை" என்று எழுத வேண்டாம். கல்லைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வராது. எங்கள் பக்கம் "இறுக்கம்" எல்லாருக்கும் விளங்கும். "மிருது" விளம்பரச் சொல்லாகிவிட்டது. "நல்லா அமுங்கும்" என்றால் ஆள் படுத்துப் பார்த்தது போல இருக்கும்.

2. அமுங்கலை அளந்து எழுதுங்கள்

கையால் அமுக்கிப் பார்த்துச் சொல்லாதீர்கள். உள்ளங்கை சின்ன இடத்தைத்தான் அழுத்தும், எல்லா மெத்தையும் மென்மையாகத்தான் படும். ஆய்வுகூடத்தில் எட்டு அங்குல வட்டத் தட்டை ஃபோமின் மேல் வைத்து, தடிப்பில் கால்வாசி இறங்கும்வரை அழுத்தி, எவ்வளவு விசை பிடித்தது என்று பார்ப்பார்கள். நான் அதைத் திருப்பிப் போட்டேன். எட்டு அங்குல அகலத்தில் ஒட்டுப்பலகையை வட்டமாக வெட்டி, அதன்மேல் பத்துக் கிலோ அரிசிப் பை. மெத்தைக்குக் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வைத்து, அதிலிருந்து பலகை எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று அடிமட்டத்தால் அளப்பேன். பலகையின் தடிப்பைச் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள்.

ரீச்சர் திருப்பித் தந்த மெத்தையில் ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கியது. பக்கத்தில் கிடந்த இன்னொரு ஆறங்குல மெத்தையில் அரை அங்குலம்தான். ரீச்சருக்கு அதை மாற்றிக் கொடுத்தோம், பிறகு அவர் முறைப்பாடு சொல்லவில்லை. இந்த அளவு நம் கடை மெத்தைகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும்தான். வேறு கடைக்காரரின் எண்ணோடு பொருத்தாதீர்கள்.

ஆளின் நிறையையும் ஒரு வரியில் சொல்லுங்கள். ஐம்பது கிலோ ஆளுக்கு இறுக்கமாக இருப்பது தொண்ணூறு கிலோ ஆளுக்கு அமுங்கும். சரிந்து படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் இறங்க இடம் வேண்டும்.

3. உழைக்குமா என்று நிறுத்துப் பாருங்கள்

மெத்தையில் ஒட்டி வரும் எண்ணை நம்புவதைவிட தராசை நம்புவேன். உறையைக் கழற்றிவிட்டு நிறுங்கள். நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,024 ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும்.

ஆறடிக்கு ஐந்தடி, ஆறங்குலம்: 72 × 60 × 6 = 25,920. வகுத்தால் 0.425. ஒரு தடவை 32 என்று ஒட்டி வந்த மெத்தை 10.2 கிலோதான் நின்றது. 10.2 ஐ 0.425 ஆல் வகுத்தால் 24. உண்மையான 32 என்றால் 13.6 கிலோ நிற்க வேண்டும். அதை 24 என்றே எழுதி, விருந்தாளி அறைக்கு ஏற்றது என்று போட்டு விற்றோம்.

இது முழுக்க ஒரே ஃபோமால் ஆன மெத்தைக்கு மட்டும் சரி. துண்டு ஃபோமை அரைத்து ஒட்டிச் செய்யும் ரீபொண்டட் பாரமாகவும் இறுக்கமாகவும் இருக்கும். அந்த நிறையைச் சாதாரண ஃபோமோடு ஒப்பிட முடியாது.

4. தடிப்பைக் கட்டிலோடு சேர்த்துச் சொல்லுங்கள்

"10 அங்குலம்" என்றால் வாங்குபவர் சொகுசு என்று எடுப்பார். பல மெத்தைகளில் எட்டு அங்குலம் இறுக்கமான அடித்தட்டு, மேலே இரண்டு அங்குலம்தான் மென்மை. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். உயரத்தையும் சொல்லுங்கள். கல்முனையிலிருந்து ஒரு மகள் தாய்க்கு வாங்கினார். பதினாறு அங்குலக் கட்டிலில் பத்தங்குல மெத்தை. இருபத்தாறு. தாய் விளிம்பில் இருந்தால் மெத்தை கொஞ்சம் அமுங்கினாலும் கால் நிலத்தில் படவில்லை. நாலங்குலத்துக்கு மாற்றிக் கொடுத்தோம்.

5. ஃபோமின் பெயரை மொழிபெயர்க்காதீர்கள்

"நினைவு நுரை" என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. மெமரி ஃபோம், லேடெக்ஸ், தும்பு என்றே எழுதி, பக்கத்தில் அது எப்படி மீளும் என்று சொல்லுங்கள். மெமரி ஃபோம்: கையை எடுத்தால் பள்ளம் ஆறுதலாக நிரம்பும். லேடெக்ஸ்: உடனே துள்ளி வரும். தும்பு: அதிகம் அமுங்காது. இங்கே பலர் எல்லாவற்றையும் "ஸ்பொஞ்சு" என்றே கேட்பார்கள். அந்தச் சொல்லையும் எங்காவது போடுங்கள், தேடுபவருக்கு அகப்படும்.

ரீச்சருக்கு மாற்றிக் கொடுத்த மெத்தைக்கு இப்போது எழுதியிருப்பது இது:

"6 × 5 அடி, 6 அங்குலம். முழுவதும் ஒரே ஃபோம். இறுக்கமானது, முதுகு நேராகப் படுப்பவருக்கு நல்லது. 10 கிலோ வைத்தால் அரை அங்குலம் அமுங்கும். தினம் படுக்க உழைக்கும் (அடர்த்தி 32, நிறுத்துப் பார்த்தது). கையை எடுத்ததும் மீளும். கட்டில் உயரத்தோடு 6 அங்குலம் கூட்டிப் பாருங்கள்."

பிறகு சேர்த்தது: அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார், ஏசி ஷோரூமில் இறுக்கமாக இருந்த மெமரி ஃபோம் வீட்டில் ஏன் தாழ்கிறது என்று. அந்த ஃபோம் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். உங்கள் கடை ஏசி என்றால், ஏசியை நிறுத்தி அறை சூடான பிறகு அரிசிப் பையை வைத்து அளந்து அந்த எண்ணை எழுதுங்கள். நான் பகல் இரண்டு மணிக்கு அளக்கிறேன்.