குத்தகையா, கொள்முதலா: ஒப்பீட்டுத் தாளைச் சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் முறுக்கும் மிக்சரும் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம் பொட்டலமிடும் இயந்திரம் ஒன்றை வாங்க எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். பொருள் சேவை வரி சேராமல் அதன் விலை 60,000 வெள்ளி. விற்பனையாளர் ஒரே பக்கத்தில் இரண்டு வழிகளை எழுதித் தருகிறார். முதல் வழி குத்தகை: மாதம் 1,250 வெள்ளி, 48 மாதம், ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் செலுத்த வேண்டும், முடிவில் எச்ச மதிப்பு 9,000 வெள்ளி. இரண்டாவது வழி கடன்: ஆண்டுக்கு 3.5 விழுக்காடு வட்டி, மாத முடிவில் 1,425 வெள்ளி, அதே 48 மாதம். குத்தகையின் மொத்தம் 60,000, கடனின் மொத்தம் 68,400 என்று காட்டி, குத்தகையால் 8,400 வெள்ளி மிச்சம் என்று தாளின் அடியில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். கூட்டல் பெருக்கல் எதிலும் பிழை இல்லை, ஆனால் முடிவு தவறு.

குத்தகைத் தவணைகளின் கூட்டுத்தொகை இயந்திரத்தின் விலைக்குச் சமமாக இருப்பதால் அதில் வட்டியே இல்லை என்று நினைப்பதுதான் முதல் தவறு. நான்கு ஆண்டு முடிவில் கடன் வாங்கியவரிடம் இயந்திரம் இருக்கும். குத்தகைக்காரர் அதைத் திருப்பிக் கொடுத்திருப்பார், அல்லது வைத்துக்கொள்ள மேலும் 9,000 வெள்ளி கொடுத்திருப்பார். ஆகவே 60,000 வெள்ளி மதிப்புள்ள பொருளுக்கு அவர் தருவது 60,000 வெள்ளிப் பணமும் 9,000 வெள்ளி மதிப்புள்ள இயந்திரமும் ஆகும். வட்டி அந்த 9,000-க்குள் இருக்கிறது. எச்ச மதிப்பு தாளில் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தாலும், அது கூட்டல் வரிசைக்கு வெளியே ஒரு குறிப்பாக நிற்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

இரண்டாவது தவறு, கடன் பக்கத்தில் எழுதியுள்ள 3.5 விழுக்காட்டை உண்மையான வட்டி என்று எடுத்துக்கொள்வது. சிங்கப்பூரில் இயந்திரக் கடனுக்கும் வாகனக் கடனுக்கும் பெரும்பாலும் சொல்லப்படுவது ஃபிளாட் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், நான்கு ஆண்டுக்கும் முழு 60,000-க்கே வட்டி போடப்படுகிறது: 60,000-இன் 3.5 விழுக்காடு 2,100, நான்கு ஆண்டுக்கு 8,400. ஆனால் அந்தக் காலம் முழுவதையும் சராசரியாகப் பார்த்தால், உங்கள் கையில் இருக்கும் கடன் ஏறத்தாழ அதில் பாதிதான். எனவே உண்மை வட்டி விகிதம் எழுதப்பட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. இதை எக்செல் அட்டவணையில் இரண்டு வரியில் சரிபார்க்கலாம்:

```
=RATE(48,-1425,60000)*12
=RATE(48,-1250,60000,-9000,1)*12
```

முதல் வரி கடனுக்கு. விடை ஏறத்தாழ 6.58 விழுக்காடு. இரண்டாவது குத்தகைக்கு, விடை ஏறத்தாழ 6.45 விழுக்காடு. இரண்டாவது வரியின் கடைசியில் உள்ள 1 என்பது தவணை மாதத் தொடக்கத்தில் செலுத்தப்படுகிறது என்பதைக் குறிக்கிறது. ஒப்பந்தத்தில் முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்றிருக்க, இந்த 1-ஐ விட்டுவிட்டால் குத்தகை உண்மையைவிட மலிவாகத் தெரியும். இன்னொரு வகையிலும் தவறு நேர்வதுண்டு. குத்தகையின் 6.45-ஐச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதைக் கடனின் 3.5 ஃபிளாட் வட்டியோடு ஒப்பிட்டு, கடன்தான் மிக மலிவு என்று முடிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். விற்பனையாளரின் பிழையை எதிர்த் திசையில் செய்வதுதான் இது.

ஆக, வட்டியைப் பொறுத்தவரை இரண்டு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இப்போது இரண்டையும் ஒரே விகிதத்தில், அதாவது கடனின் உண்மை வட்டியான 6.58 விழுக்காட்டில், இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். குத்தகைத் தவணைகளின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 52,900 வெள்ளி. கடனின் இன்றைய மதிப்பு 60,000 வெள்ளி. அதிலிருந்து நான்கு ஆண்டு கழித்து இயந்திரத்தை விற்றுக் கிடைக்கும் தொகையின் இன்றைய மதிப்பைக் கழிக்க வேண்டும். அன்று வரும் ஒரு வெள்ளிக்கு இன்று சுமார் 77 காசுதான் மதிப்பு. கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், இயந்திரம் ஏறத்தாழ 9,200 வெள்ளிக்கு விலைபோகும் நிலையில் இரு வழிகளும் சமம். அதற்கு மேல் விலை கிடைத்தால் வாங்குவது மேல். குறைந்தால் குத்தகை மேல். 12,000 கிடைத்தால் வாங்கியவருக்கு இன்றைய மதிப்பில் சுமார் 2,150 வெள்ளி ஆதாயம். 4,000 மட்டும் கிடைத்தால் குத்தகைக்காரருக்குச் சுமார் 4,000 வெள்ளி ஆதாயம். தாளில் தடித்த எழுத்தில் இருந்த 8,400 இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. அந்த வரிக்குப் பதிவு பெற்ற நிறுவனம் செலுத்திய வரியைப் பொதுவாகத் திரும்பக் கோர முடியும் என்பதால் இரு பக்கத்திலும் அதை விட்டுவிடலாம். பதிவு பெறாத நிறுவனத்துக்கு அது உண்மையான செலவு: வாங்கினால் 5,400 வெள்ளி தொடக்கத்திலேயே, குத்தகையில் மாதம் 112.50 வெள்ளி. அவர்களுக்குச் சமநிலை விலை 9,200-இலிருந்து ஏறத்தாழ 10,000 வெள்ளிக்கு உயர்கிறது. ஒரு பக்கம் வரியோடும் மறுபக்கம் வரி இல்லாமலும் எழுதப்பட்ட தாளை அப்படியே ஏற்கக் கூடாது. வருமான வரியிலும் இதே எச்சரிக்கை தேவை. குத்தகைத் தவணையைச் செலவாகக் கழிக்கலாம் என்பதை மட்டும் காட்டி, வாங்குபவர் இயந்திரத்தின் விலையை மூன்று ஆண்டுகளில் மூலதனப் படியாகக் கழிக்கலாம், கடன் வட்டியையும் கழிக்கலாம் என்பதை விட்டுவிடுவது வழக்கம். அதோடு வரிச் சேமிப்பை நிறுவன வருமான வரி விகிதமான 17 விழுக்காட்டில் கணக்கிடுவார்கள். ஆனால் வரிக்குரிய வருமானம் 10,000 முதல் 200,000 வெள்ளி வரை உள்ள நிறுவனத்துக்கு, பாதி விலக்கு இருப்பதால், கூடுதல் வெள்ளியின் மீதான வரி உண்மையில் 8.5 விழுக்காடுதான்.

எல்லாம் 9,200 என்ற எண்ணில் வந்து நிற்பதால், எச்ச மதிப்பு என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் என்ன பொருள் என்று பார்க்காமல் கையெழுத்திடுவதுதான் எல்லாவற்றிலும் செலவு வைக்கும் தவறு என்பது என் கருத்து. அது குத்தகை நிறுவனத்தின் சொந்த மதிப்பீடாக இருந்தால், இயந்திரம் 4,000-க்கு விலைபோனாலும் நட்டம் அவர்களுடையது. விரும்பினால் அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமையாக இருந்தால் இன்னும் நல்லது. சந்தை விலை 12,000 என்றால் 9,000 கொடுத்து வாங்கலாம், 4,000 என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் அந்த 9,000-க்குக் குத்தகைக்காரர் உத்தரவாதம் தருகிறார் என்று எழுதியிருந்தால், விற்ற விலை குறையும்போது வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்; மேலே சொன்ன 4,000 வெள்ளி ஆதாயம் அப்போது ஏறத்தாழ முழுவதும் மறைந்துவிடும். மூன்று ஒப்பந்தங்களுக்கும் ஒப்பீட்டுத் தாளில் ஒரே வரிதான் இருக்கும்.

விலையை மதிப்பிடும்போது, பழைய இயந்திரங்களை வாங்கி விற்பவர்கள் இருவரிடமாவது நான்கு ஆண்டு பழைய அதே ரகத்துக்கு என்ன தருவார்கள் என்று கேட்டு, அதிலிருந்து கழற்றும் கூலியையும் லாரி வாடகையையும் கழித்து, கையில் நிற்கும் தொகையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். குத்தகையிலும் திருப்பிக் கொடுக்கும்போது அதே கூலியும் வாடகையும், சில ஒப்பந்தங்களில் தேய்மானத்துக்கான பழுதுக் கட்டணமும், குத்தகைக்காரர் தலையில்தான் விழும். அப்படியிருந்தால் அவற்றையும் 48-ஆம் மாதத்தின் செலவாகக் குத்தகைப் பக்கத்தில் எழுதிவிட்டுச் சமநிலை விலையை மறுபடியும் கணக்கிட வேண்டும்.