காலர் மைக்: கேமரா கெயினை ஆட்டோவில் விடாதீர்கள்

வயர்லெஸ் காலர் மைக் வாங்கியதும் பலர் கேட்பது, அதைச் சட்டையில் எங்கே மாட்டுவது என்றுதான். அது தானாகப் பழகிவிடும். பேட்டியைக் கெடுப்பது வேறு விஷயங்கள்.

கேமராவின் கெயினை ஆட்டோவில் விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும், ஏனென்றால் எடிட்டில் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. சமீபத்தில் ஒருவர் தான் எடுத்த பேட்டியைக் கொண்டுவந்தார். பெரியவர் பேசும்போது குரல் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அவர் யோசிக்க நிறுத்தும் ஒவ்வொரு முறையும் 'உஸ்ஸ்' என்று இரைச்சல் எழும்பி வருகிறது, மறுபடி பேச வாயெடுத்ததும் அடங்குகிறது. மைக் மட்டம் என்று முடிவுகட்டி வேறு வாங்கக் கிளம்பிவிட்டார். மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. கேமராவில் மாட்டியிருந்த ரிசீவரின் அவுட்புட் மிகக் குறைவாக இருந்தது, கேமரா ஆட்டோவில் இருந்தது. சத்தம் போதவில்லை என்று கேமரா தன் கெயினை, அதாவது உள்ளே வரும் சத்தத்தைப் பெருக்கும் அளவை, ஏற்றிக்கொண்டே போக, கூடவே அதன் உள் இரைச்சலும் ஏறியிருக்கிறது.

செய்ய வேண்டியது தலைகீழ். கேமராவில் ஆடியோ லெவலை மேனுவலுக்கு மாற்றி, அடிமட்டத்துக்கு ஓரிரு படி மேலே வையுங்கள். அப்புறம் ரிசீவரின் அவுட்புட்டை ஏற்றுங்கள். பேட்டி கொடுப்பவரை அவர் இயல்பாகப் பேசும் குரலிலேயே பேசச் சொல்லி, சத்தமான இடங்கள் கேமரா மீட்டரில் -12 டெசிபல் பக்கம் வந்து போகிற மாதிரி நிறுத்துங்கள். 'ஹலோ, ஒன் டூ த்ரீ' போதாது, சிரித்தால் குரல் எங்கே போகிறது என்றும் பாருங்கள்.

மீட்டர் -12-ஐத் தாண்டவில்லை, ஆனாலும் குரல் கரகரவென்று உடைகிறதா? அப்படியானால் சிக்னல் கேமராவின் மீட்டருக்கு வரும் முன்பே உடைந்துவிட்டது. ரிசீவரில் ஹெட்ஃபோன் துளை இருந்தால் அதில் கேளுங்கள். அங்கேயும் உடைந்திருந்தால் பேசுபவர் மாட்டியிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் கெயினைக் குறையுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் ரிசீவரின் அவுட்புட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். டிரான்ஸ்மிட்டரில் உடைந்த குரலைக் கேமராவில் லெவல் குறைத்துச் சரிசெய்ய முடியாது, உடைந்த குரல் சன்னமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

கேமரா கேபிளைப் போனில் சொருகுவது

கேமராவுக்கான 3.5 மி.மீ. பின்னில் இரண்டு வளையம், போனுக்கானதில் மூன்று. மாற்றிச் சொருகினால் போன் எதுவும் சொல்லாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். யுஎஸ்பி ரிசீவரானாலும், வெளி மைக்கைக் கண்டுகொள்ளாத கேமரா ஆப்கள் உண்டு. சோதிக்க வழி எளிது: பதிவை ஓடவிட்டு, காலர் மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், பிறகு போனின் அடிப்பகுதியைச் சுரண்டுங்கள். போட்டுக் கேட்டால் எந்த மைக் வேலை செய்தது என்று தெரிந்துவிடும்.

டிரான்ஸ்மிட்டர் பேட்டரியை மட்டும் பார்ப்பது

ரிசீவருக்கும் பேட்டரி உண்டு.

பாதி தீர்ந்த செல்களோடு தொடங்குவது

ஏஏ செல் போடும் செட்டானால் ஒவ்வொரு பேட்டிக்கும் முன் புதிது போடுங்கள். ரீசார்ஜபிள் செல்லின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், சாதாரண அல்கலைனுக்கு 1.5, அதனால் செட்டின் மெனுவில் செல் வகையை மாற்றாவிட்டால் பேட்டரிக் குறியீடு தப்பாகவே காட்டும்.