புனிதர்களின் மன்றாட்டு மாலையை வழிநடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்கா திருவிழிப்பிலும் குருப்பட்டத் திருப்பலியிலும் புனிதர்களின் மன்றாட்டு மாலையைப் பாடவிருக்கும் பாடகர் குழுக்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகின்றன. 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற சிறிய பதிலுரை முப்பது, நாற்பது முறை திரும்பத் திரும்ப வருவதைக் கேட்டால் மக்களுக்குச் சலிப்புத் தட்டும் என்று எண்ணி, அதை அழகுபடுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு புனிதருக்கும் ஓர் அடைமொழி சேர்க்கப்படுகிறது. பதிலுரை இரண்டு அடிப் பல்லவியாக நீள்கிறது. நடுவே இசைக்கருவிகள் தனித்து ஒலிக்கின்றன. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்தச் சேர்க்கைகளே மன்றாட்டை மக்களின் வாயிலிருந்து பறித்துவிடுகின்றன.

இந்த வடிவம் எப்படிப் பிறந்தது என்பதைப் பார்த்தால் காரணம் புரியும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற எஜீரியா என்ற பெண்மணி, அங்கு நடந்த மாலை வழிபாட்டைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். திருத்தொண்டர் ஒவ்வொருவருடைய பெயராக அறிவிக்க, சூழ்ந்து நின்ற ஏராளமான சிறுவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் 'கீரியே எலெயிசோன்', அதாவது 'ஆண்டவரே, இரக்கமாயிரும்' என்று பதில் குரல் எழுப்பினார்களாம். பதில் சொன்னவர்கள் சிறுவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கையில் ஏடு தேவையில்லை; முன்பயிற்சி தேவையில்லை; அடுத்து வரப்போகும் பெயர் என்னவென்று தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. மாறிக்கொண்டே இருக்கும் பகுதி முழுவதையும் ஒருவர் சுமக்க, மாறாத பகுதி எல்லாருக்கும் உரியதாகிறது.

பிற்காலத்தில் இம்மன்றாட்டு நடைபவனிகளோடு இணைந்தது. 590ஆம் ஆண்டு உரோமையில் கொள்ளைநோய் பரவியபோது, புனித கிரகோரியார் மக்களை ஏழு கூட்டங்களாகப் பிரித்து, வெவ்வேறு ஆலயங்களிலிருந்து மரியன்னைப் பேராலயத்தை நோக்கி மன்றாடிக்கொண்டே நடக்கச் செய்தார். நடந்துகொண்டிருப்பவரின் மூச்சு குறுகியது. நீண்ட கூட்டத்தில் முன்னால் போகிறவரின் குரல் பின்னால் வருகிறவருக்குத் தாமதமாகவே எட்டும். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலுரை என்றால், பின்வரிசை சற்றுப் பிந்தினாலும் அடுத்த அழைப்புக்குள் சேர்ந்துகொள்ளும். பதிலுரை நீண்டிருந்தால் முன்னவர்களும் பின்னவர்களும் வெவ்வேறு சொற்களில் நின்றிருப்பார்கள்.

இன்றைய ஆலயத்துக்குள்ளும் இந்தக் காரணம் மாறவில்லை. குருப்பட்டத்தின்போது பட்டம் பெறுகிறவர்கள் பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடக்கிறார்கள். ஞாயிறும் பாஸ்கா காலமும் தவிர மற்ற நாள்களில் மக்களும் முழந்தாளிட்டிருப்பார்கள். இந்த நிலையில் யாரும் தாளைப் பார்த்து வாசிக்கப் போவதில்லை. நேரத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாற்பது அழைப்புகளுக்கு மூன்று விநாடிப் பதிலுரை என்றால் மக்கள் பாடுவது இரண்டு நிமிடம். அதையே எட்டு விநாடிப் பல்லவியாக்கினால் ஐந்து நிமிடத்தைத் தாண்டும். அந்தக் கூடுதல் நேரத்தில் ஒரு புனிதரின் பெயர்கூட அதிகமாகச் சொல்லப்படுவதில்லை.

நேரத்தைக் குறைக்கும் எண்ணத்தில் வேறு சிலர் எதிர்த் திசையில் தவறுகிறார்கள். ஐந்தாறு பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கிவிட்டு, முடிவில் ஒருமுறை மட்டும் பதிலுரை கேட்கிறார்கள். திருவழிபாட்டு நூலே பேதுருவையும் பவுலையும், பெர்பெத்துவாவையும் பெலிசித்தாவையும், பிரான்சிசையும் தோமினிக்கையும் இணைத்து அழைக்கிறது. அவர்கள் இயல்பாகச் சேர்ந்து நினைக்கப்படுகிறவர்கள் என்பதால் அது பொருந்துகிறது. ஆனால் தொடர்பற்ற பெயர்களை அடுக்கும்போது மக்கள் கேட்பவர்களாக மட்டும் நின்றுவிடுகிறார்கள். எந்தப் பெயரோடு முடியப்போகிறது என்று தெரியாததால், சரியான இடத்தில் குரல் எழுப்பவும் தயங்குகிறார்கள். நேரம் உண்மையிலேயே குறைவு என்றால், விருப்பத்தின்பேரில் சேர்த்த கூடுதல் பெயர்களைக் குறைப்பதே சரி என்பது என் கருத்து.

மிகவும் கவனம் வேண்டிய இடம் பதிலுரை மாறும் இடம்தான். புனிதர்களிடம் நாம் கேட்பது பரிந்துரையை மட்டுமே. அவர்களுடைய வரிசை முடிந்தபின் மன்றாட்டு ஆண்டவரை நோக்கித் திரும்புகிறது: எல்லாத் தீமையிலிருந்தும், எல்லாப் பாவத்திலிருந்தும், நிலையான சாவிலிருந்தும் எங்களை மீட்டருளும் என்று கேட்கிறோம். அதன்பின் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்ற மூன்றாம் பகுதி வருகிறது. வழிநடத்துகிறவர் இதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால், பழக்கத்தின் வேகத்தில் மக்கள் ஆண்டவரிடமே 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று சொல்லிவிடுவார்கள். இது வெறும் நாக்குப் பிறழ்வு என்று விட்டுவிடக் கூடியதன்று. யாரிடம் எதைக் கேட்கிறோம் என்ற அடிப்படையே அங்கே குழம்பிவிடுகிறது. புதிய பகுதியின் முதல் அழைப்புக்கு வரும் பதில் முணுமுணுப்பாகத் தேய்ந்தால், மக்கள் மாற்றத்தை உணரவில்லை என்று அறியலாம். 'தூய ஆண்கள், பெண்கள் அனைவரும்' என்ற முடிவு அழைப்புக்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்தி, அடுத்த பகுதியின் முதல் அழைப்பை மெதுவாகப் பாடி, அதற்குரிய பதிலுரையைப் பாடகர் குழு தெளிவாகத் தொடங்கிக் கொடுத்தால் போதும். இரண்டாம் அழைப்பிலேயே மக்கள் சேர்ந்துவிடுவார்கள். பதிலுரை சிறியதாக இருப்பதால்தான் ஒரே முறையில் பற்றிக்கொள்ள முடிகிறது.

பெயர்களைச் சேர்ப்பதிலும் தவறு நேர்கிறது. ஆலயத்தின் பாதுகாவலர், அந்த இடத்தின் பாதுகாவலர், திருமுழுக்குப் பெறுகிறவர்களின் பெயர்கொண்ட புனிதர்கள் ஆகியோரைச் சேர்க்க அனுமதி உண்டு; ஆனால் பலர் அவர்களைக் கடைசியில் கொத்தாக ஒட்டிவிடுகிறார்கள். வரிசைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது: அன்னை மரியா, வானதூதர்கள், திருமுழுக்கு யோவான், சூசையப்பர், திருத்தூதர்கள், மறைச்சாட்சிகள், ஆயர்களும் மறைவல்லுநர்களும், குருக்களும் துறவிகளும், பிறகு பிறர். அந்தோனியாரைப் பாதுகாவலராகக் கொண்ட ஒரு பங்கில் பாஸ்கா திருவிழிப்புக்கு அவரையும், அருளானந்தர், தேவசகாயம், யோசேப் வாஸ் ஆகியோரையும் சேர்ப்பதாகக் கொள்வோம். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் குருவாக இருந்தும் மறைச்சாட்சிகளோடுதான் நிற்பார். 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பொதுநிலையினராக இருந்தும் அதே வரிசையில் அவருக்கு அடுத்து வருவார். எனவே இருவருக்கும் உரிய இடம் ஆக்னசுக்குப் பின், கிரகோரியாருக்கு முன். அந்தோனியார் பிரான்சிசு, தோமினிக்கு ஆகியோரை அடுத்தும், யோசேப் வாஸ் சவேரியாருக்கும் ஜான் மரிய வியான்னிக்கும் இடையிலும் அமைவார்கள்.

கடைசியாக, ஒலிபெருக்கியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வழிநடத்துகிறவர் அழைப்பை மட்டும் ஒலிவாங்கியில் பாடிவிட்டு, பதிலுரையின்போது அதைவிட்டு விலகிவிட வேண்டும். அவருடைய குரலே பதிலையும் ஆலயம் முழுவதும் நிரப்பினால் மக்கள் பாடாமல் இருந்தாலும் பாடுவதுபோலவே தோன்றும். பதிலுரையின் கடைசி அசை அடங்கியதும், தாமதமின்றி, அதே சுருதியில் அடுத்த பெயரை எடுக்க வேண்டும். அந்த இடத்தில் கீபோர்டு வாசிப்பவர் அலங்காரமாக ஒரு வரி சேர்த்தாலும் மக்களின் குரல் அங்கேயே விழுந்துவிடும்.