பச்சை டிக் யாருடைய போனில்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் மச்சான் முந்திரி பாக்கெட் விற்கிறார். ஒரு சனிக்கிழமை மாலை, ஏழு மணி தாண்டிய நேரம். ஒருவர் வந்து கிலோ 920 ரூபாய் முந்திரியில் இரண்டு கிலோ கேட்டார். 1,840 ரூபாய். கடையின் கியூஆரை ஸ்கேன் செய்தார், போனைத் திருப்பிக் காட்டினார். பச்சை டிக், கடையின் பெயர், தொகை, நேரம் 7.12, எல்லாம் இருந்தது. “அண்ணே, பஸ் எடுக்கப் போறான்” என்று சொல்லிக்கொண்டே பையை வாங்கிப் போய்விட்டார். இரவு கணக்குப் பார்த்தபோது 7.12-க்கு முன்னும் பின்னும் அந்தத் தொகையே இல்லை.

மச்சான் செய்த முதல் தவறு, வந்தவரின் போனைப் பார்த்தது. பழைய ஸ்கிரீன்ஷாட்டில் தேதியையும் தொகையையும் மாற்றிக் கொண்டுவருவது ஒரு வகை. பணம் அனுப்பும் செயலி போலவே இருக்கும் போலிச் செயலி இன்னொரு வகை. அதில் பெயரையும் தொகையையும் தட்டினால் சக்கரம் சுற்றும், பச்சை டிக் விழும், ‘டிங்’ என்று சத்தமும் வரும். கடையின் பெயர்தான் கியூஆர் அட்டையிலேயே பெரிதாக அச்சடித்திருக்கிறதே! அவர் திரையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அசலா போலியா என்று பிடிக்க முடியாது. அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளவும் வேண்டாம். நம் பக்கத்தில் வரவு விழுந்ததா என்பது மட்டும்தான் கேள்வி.

அப்போ சவுண்ட்பாக்ஸ் இருந்தால் போதுமா? பெரும்பாலும் போதும், ஆனால் கூட்ட நேரத்தில் இல்லை. பக்கத்தில் நிற்பவர் 240 ரூபாய் அனுப்ப, பாக்ஸ் ‘240 ரூபாய்’ என்று சொல்லும். அதே பாக்கெட்டை வாங்கிய இன்னொருவர், “சொல்லிடுச்சு பாருங்க” என்று கிளம்பிவிடுவார். ஒரு குரலுக்கு இரண்டு பாக்கெட் போயிருக்கும். கடையில் இரண்டு நிறுவனங்களின் கியூஆர் ஒட்டியிருந்தால், ஒவ்வொரு பாக்ஸும் தன் கியூஆருக்கு வந்ததை மட்டும்தான் சொல்லும். சார்ஜ் தீர்ந்தாலோ சிக்னல் இல்லாவிட்டாலோ அதுவும் இல்லை.

வங்கி எஸ்எம்எஸ்ஸை நம்பி உட்காருவதும் சரிவராது. சின்னத் தொகை வரவுக்குச் சில வங்கிகள் எஸ்எம்எஸ் அனுப்புவதில்லை. வியாபாரக் கியூஆராக இருந்தால், சில நிறுவனங்கள் நாள் முழுக்க வந்ததைச் சேர்த்து மொத்தமாகத்தான் வங்கிக் கணக்கில் போடும். பத்து இலக்க சாதாரண எண்ணிலிருந்து ‘வரவு வந்தது’ என்று செய்தி வந்தால், அது வங்கி அனுப்பியதே இல்லை. சிலர் ஒவ்வொரு விற்பனைக்கும் பேலன்ஸ் பார்ப்பார்கள். 2025 ஆகஸ்ட் முதல் ஒரு யுபிஐ செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைதான் பேலன்ஸ் பார்க்க முடியும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடையில் அது மத்தியானமே தீர்ந்துபோகும்.

பார்க்க வேண்டியது நம் செயலியின் வரவுப் பட்டியல். மச்சான் இப்போது கடை போனை மேஜையிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். கீழே இழுத்து ரெஃப்ரெஷ் செய்து, தொகை, நேரம், அனுப்பியவர் பெயர் மூன்றையும் பார்க்கிறார். ஒரே தொகை இரண்டு வந்தால் மட்டும், வாங்கியவரிடம் 12 இலக்க எண்ணின் கடைசி நான்கைச் சொல்லச் சொல்கிறார். அந்த எண் ஒரு செயலியில் UTR என்றும் இன்னொன்றில் UPI transaction ID என்றும் இருக்கும். நம் பட்டியலில் உள்ள எண்ணோடு அது பொருந்த வேண்டும். பத்து விநாடி வேலை. பஸ் அதற்குள் போய்விடாது.

எல்லாரையும் திருடனாகப் பார்ப்பதும் தவறுதான். வாங்கியவர் கணக்கில் பணம் கழிந்து நமக்கு வராமல் நடுவில் நிற்பது உண்மையிலேயே நடக்கும். அப்போது கோபப்படாமல், “இன்னும் வரலை, கொஞ்சம் பொறுங்க, இல்லேன்னா கேஷா குடுங்க” என்று சொன்னால் போதும். கடைக்கு உறுதி வராத பணத்தை ஐந்து நாளுக்குள் அவர் கணக்குக்குத் தானாகத் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும் என்பது 2019-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. இதைச் சொன்னால் நேர்மையானவர் சமாதானமாகிவிடுவார். மற்றவர் ஏதாவது சாக்குச் சொல்லி நகர்ந்துவிடுவார்.

ஏமாந்துவிட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குச் சொல்லலாம். ஆனால் அந்த எண்ணின் பலமே, போன பணத்தை வழியில் நிறுத்துவதில் இருக்கிறது. இங்கே பணம் எங்கும் போகவில்லை, சரக்குதான் போயிருக்கிறது. அதனால் பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கேமரா பதிவு சில நாளில் தானாக அழியும், அதை முதலில் எடுத்து வைக்க வேண்டும். மச்சான் நான்காம் நாள்தான் எதிர்க்கடைக் கேமராவைப் பற்றி யோசித்தார். அதில் மூன்று நாள் பதிவுதான் இருந்தது.