வில்லாவின் வெளிப்புற ஒயரிங்: தோட்டம், குளம், கேட் மூன்றும் ஒரே மழையில் படுத்துவிடாமல் இருக்க

பெங்களூரு சர்ஜாப்பூர் சாலைப் பக்கம் வில்லாவுக்குக் குடிவந்த முதல் அக்டோபரில், ஒரு ராத்திரி மழையில் எங்கள் வீட்டின் வெளிப்புறம் மொத்தமும் இருட்டாகிவிட்டது. தோட்ட விளக்கு எரியவில்லை, நீச்சல்குளத்துப் பம்ப் ஓடவில்லை, கேட்டும் திறக்கவில்லை. வெளியே மழையில் காருக்குள் நான். உள்ளே கேட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி என் மாமனார். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ள ஒரு சாவி உண்டு என்பதே அன்றைக்கு அவருக்குத் தெரியாது. சாவி என் மேசை டிராயரில் இருந்தது.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் தருமபுரிக்காரர். வீட்டு மின்சாரத்தைப் பல லைன்களாகப் பிரித்தனுப்பும் டி.பி. பாக்ஸைத் திறந்ததுமே சிரித்துவிட்டார். "வெளிய இருக்குறது எல்லாத்தையும் ஒரே ஆர்.சி.சி.பி.யில மாட்டியிருக்காங்க சார். ஒண்ணுக்குச் சளி பிடிச்சா எல்லாத்துக்கும் தும்மல்தான்."

ஆர்.சி.சி.பி. என்பது மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர். அது இருக்கும் அந்த ஒரு பாக்ஸை எப்படித் திட்டமிடுவது என்பதுதான் இந்தப் பதிவு. வேலையைச் செய்ய உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வேண்டும். என்ன செய்யச் சொல்ல வேண்டும், முடித்த பிறகு எப்படிச் சோதிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: சாக்பீஸ் எடுத்துக் கோடு போடுங்கள்

முதலில் குளம். குளத்தின் விளிம்பிலிருந்து 2 மீட்டர் தள்ளி, சுற்றிலும் தரையில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு வெளியே இன்னொரு 1.5 மீட்டரில் இரண்டாவது கோடு. ஐ.இ.சி. 60364 என்ற சர்வதேச ஒயரிங் தரம் குளத்தை இப்படித்தான் மூன்று வட்டாரமாகப் பிரிக்கிறது. தண்ணீருக்குள் இருப்பது முதல் வட்டாரம். முதல் கோடு வரை, தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரம் வரை இரண்டாவது. அடுத்த கோடு வரை மூன்றாவது.

தண்ணீருக்குள் எரியும் விளக்கு, ஏ.சி. மின்சாரம் என்றால் 12 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதற்கு 12 வோல்ட் தரும் ட்ரான்ஸ்ஃபார்மர் முதல் கோட்டுக்கு உள்ளே வரவே கூடாது. இரண்டு கோட்டுக்கும் வெளியே, பம்ப் ரூமில் வைப்பது நல்லது. அது வெறும் 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மராக இருந்தால் போதாது. வீட்டு மின்சாரத்தோடு உள்ளே எந்தத் தொடர்பும் இல்லாமல் சுருள்கள் பிரிந்திருக்கும் பாதுகாப்பு வகையாக இருக்க வேண்டும். கடையில் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று ஷோ விளக்குக்கு வோல்டேஜைக் குறைத்துத் தரும் டிரைவரை வாங்கிக் குளத்து விளக்கில் மாட்டுகிறார்கள். அதில் உள்ளே ஏதாவது பழுதானால் 230 வோல்ட் நேராகத் தண்ணீருக்கு வரலாம்.

இன்னொரு வேலையும் குளத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலரும் விட்டுவிடுவார்கள். குளத்து ஏணி, கைப்பிடி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எல்லாவற்றையும் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயரால் ஒன்றோடொன்று இணைத்து எர்த்தில் சேர்க்க வேண்டும். ஈரக்காலோடு நிற்பவர் ஏணியைத் தொடும்போது, காலடிக்கும் கைக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இது. டைல்ஸ் போட்ட பிறகு கம்பியை எட்டவே முடியாது. கட்டும்போதே கேளுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள்.

படி 2: தோட்ட விளக்குக்கு ஒரு கணக்கு

தோட்டத்துக்கும் குறைந்த வோல்டேஜ் விளக்கையே நான் விரும்புகிறேன். தோட்டக்காரர் மண்வெட்டியால் கேபிளை வெட்டினாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் குறைந்த வோல்டேஜில் தூரம்தான் எல்லை. எங்கள் வீட்டில் பம்ப் ரூமிலிருந்து பின்பக்கக் காம்பவுண்ட் சுவர் 30 மீட்டர். அங்கே 5 வாட் விளக்கு எட்டு, ஆகமொத்தம் 40 வாட். 12 வோல்ட்டில் இது சுமார் 3.3 ஆம்பியர் இழுக்கும்.

போட்டிருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள். கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம் தடை. போகவும் வரவும் 60 மீட்டர், அதாவது 0.72 ஓம். 3.3 ஆம்பியரோடு பெருக்கினால் வழியிலேயே 2.4 வோல்ட் காலி! விளக்குக்குப் போய்ச் சேர்வது 9.6 வோல்ட். கிட்டே இருக்கும் விளக்கு பளிச்சென்றும், சுவரோரத்து விளக்கு எண்ணெய் தீர்ந்த அகல் போலவும் எரிந்ததற்கு இதுதான் காரணம். விளக்கு மட்டம் என்று நினைத்து ஒரு செட்டையே மாற்றியிருந்தேன். பணம் போனதுதான் மிச்சம்.

2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்கு மாறினால் இழப்பு ஒன்றரை வோல்ட்டுக்கு இறங்கும். அதுவும் அதிகம்தான். அதே தடிமன் கேபிளில் 24 வோல்ட் விளக்குக்குப் போனால் மின்னோட்டம் பாதியாகிவிடும். இழப்பு முக்கால் வோல்ட், 24-ல் அது 3 சதவீதம்தான். நாங்கள் அப்படித்தான் மாற்றினோம். 20 மீட்டருக்கு மேல் போகிற தோட்டத்துக்கு 24 வோல்ட்டே வாங்குங்கள். ஆனால் இந்த 24 வோல்ட் லைனிலிருந்து குளத்து விளக்குக்கு இழுத்துவிடாதீர்கள். அது தனி, இது தனி.

ஐ.பி. என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண். விளக்கின் மேல் ஐ.பி. 65 என்று போட்டிருந்தால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். புல்தரையில் பதிக்கும் விளக்கைச் சுற்றி மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும். அதற்கு ஐ.பி. 67, தண்ணீருக்குள்ளேயே கிடப்பதற்கு 68.

படி 3: பாக்ஸைப் பிரிப்பது

ஆர்.சி.சி.பி. செய்வது எளிய வேலை. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். மண் வழியாகவோ ஒரு ஆள் வழியாகவோ கொஞ்சம் கசிந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆளைக் காப்பதற்கு 30 மில்லி ஆம்பியர் வகைதான் வேண்டும். 100, 300 என்று எழுதியிருப்பவை தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காப்பாற்றாது.

எங்கள் வீட்டுக் கோளாறைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு லைனுக்கும் உள்ள சிறு பிரேக்கரான எம்.சி.பி. எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்கினால் அது நிற்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக ஆன் செய்து, எதில் விழுகிறதோ அதைப் பிடிக்கலாம். பொதுவான முறை இது. எங்களுக்கோ எல்லாம் ஆஃப்பில் இருந்தபோதே விழுந்தது. ஆர்.சி.சி.பி.யே போய்விட்டது போல என்றேன்.

"இல்ல சார். எம்.சி.பி. ஃபேஸைத்தான் வெட்டும். நியூட்ரல் வெட்டுப்படாம அப்படியே இருக்கு. மண்ணுக்குள்ள நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கிட்டிருந்தா, எல்லாம் ஆஃப்ல இருந்தாலும் விழும்" என்றார்.

மெயினை ஆஃப் செய்து, நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு லைனையும், இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்க்கும் மெக்கர் மீட்டரால் 500 வோல்ட்டில் சோதித்தார். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். ட்ரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் 230 வோல்ட்டில் ஓடும் தோட்ட லைன் மட்டும் கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த லைனைத் தோண்டிக்கொண்டே போனதில், செம்பருத்திச் செடிக்கடியில், இன்சுலேஷன் டேப் சுற்றிப் புதைத்த ஒரு ஜாயிண்ட் கிடைத்தது. டேப்புக்குள் பச்சைக் களிம்பும் சேறும்.

மண்ணுக்குள் ஜாயிண்ட் கூடவே கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் ரெசின் ஊற்றி மூடும் கிட் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் பாக்ஸை மாற்றினோம். தோட்டம், குளம், கேட் மூன்றுக்கும் தனித்தனி ஆர்.சி.பி.ஓ. எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒரே உடம்பில் இருப்பதுதான் ஆர்.சி.பி.ஓ. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் இரட்டைத் துருவ வகையாகக் கேட்டு வாங்குங்கள். இப்போது தோட்டத்தில் தண்ணீர் புகுந்தால் தோட்டம் மட்டும் அணையும், கேட் திறக்கும். வெளிச்சுவரில் வைக்கும் பாக்ஸுக்குக் கேபிள் கீழிருந்து நுழைய வேண்டும். மேலே ஓட்டை போட்டால் கேபிளைப் பிடித்துக்கொண்டே மழை இறங்கும்.

படி 4: கேட்

ஓடும் கேட்டில் முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரை அல்ல. தண்டவாளத்தின் இரண்டு முனையிலும் இரும்பு நிறுத்தக் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கேட் முனைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் ஒருநாள் வேலை செய்யாமல் போனால், கேட்டைத் தடத்தைவிட்டு வெளியேறிச் சாயாமல் தடுப்பது அந்தக் கட்டைதான்.

அடுத்து சென்சார். கேட்டின் வழியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரைப் பாய்ச்சி, குறுக்கே ஆள் வந்தால் கண்டுபிடிப்பது இது. கேட் மூடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கதிரின் குறுக்கே கையை நீட்டுங்கள். கேட் நின்று பின்வாங்க வேண்டும். நிற்கவில்லையென்றால், சென்சார் முனையங்களை ஒரு துண்டு ஒயரால் இணைத்து, சென்சாரே இல்லாமல் ஓடும்படி விட்டிருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் கேட்டில் அப்படித்தான் இருந்தது. சென்சார் சுவரில் அழகாக மாட்டியிருந்தது, வேலைதான் செய்யவில்லை. பிறகு கேட்டின் பாதையில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துப் பாருங்கள். கதிருக்குக் கீழே இருக்கும் குழந்தையோ நாயோ சென்சாருக்குத் தெரியாது. மோதியதும் கேட் தானாகத் திரும்ப வேண்டும். ஐரோப்பியத் தரத்தின்படி மோதும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது, அதாவது 40 கிலோ எடை அழுத்துகிற அளவு. பெட்டி நசுங்கித் தட்டையானால் மோட்டாரின் விசை அமைப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீருக்கும் எல்லை உண்டு

2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, பெங்களூரு குடிநீர் வாரியம் தோட்டத்துக்கும் நீச்சல்குளத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. தோட்டத்தைச் சுத்திகரித்த கழிவுநீரால் சமாளிக்கலாம், குளத்தை முடியாது. அதனால் கோடை வரும் முன் குளம் கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிக் குளத்துப் படியில், பாதி மூழ்கியபடி வையுங்கள். வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தைக் குறித்து, பம்பை நிறுத்தி, ஒருநாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில் குடித்தது. வெளியே மட்டும் அதிகம் இறங்கினால் கசிவு. எங்கள் 8-க்கு 4 மீட்டர் குளத்தில் 5 மில்லிமீட்டர் இறங்கினாலே 160 லிட்டர். அந்தக் கசிவு போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் கேபிள் புதைத்த மண்தான்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு ஆர்.சி.பி.ஓ.விலும் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அழுத்தியும் விழாததை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். எந்த பிரேக்கர் எதற்கு என்று எழுதி பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கேட் சாவியை மாமனார் கைக்கெட்டும் ஆணியில் மாட்டுங்கள்.