முதுமை ஆய்வில் குறுக்குவெட்டா, நெடுங்காலமா? ஒரே அட்டவணையில் பார்க்கலாம்

வயதானால் அறிவுத்திறன் எப்போது குறையத் தொடங்குகிறது? 1956-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உளவியலாளர் வார்னர் ஷாய் 500 பேரிடம் சொல்லறிவு, தர்க்கம், எண் திறன் போன்றவற்றைச் சோதித்தார். 7 ஆண்டுக்கு ஒருமுறை அவர்களையே திரும்ப அழைத்தார். ஒவ்வொரு முறையும் புதியவர்களையும் சேர்த்தார். இந்த ஆய்வை வைத்தே படிப்படியாகப் போவோம்.

படி 1: அட்டவணை போடுங்கள்

இடப்பக்கம் பிறந்த ஆண்டு, மேலே சோதித்த ஆண்டு, கட்டத்துக்குள் வயது.

```
பிறப்பு   1956   1963
1889      67     74
1896      60     67
1903      53     60
```

1956-இன் கீழ் உள்ளதை மேலிருந்து கீழாகப் படித்தால் அது குறுக்குவெட்டு ஆய்வு: ஒரே சமயத்தில் வெவ்வேறு வயதினர். 1896-க்கு நேராக இடமிருந்து வலமாகப் படித்தால் நெடுங்கால ஆய்வு: அதே ஆட்கள், 60 வயதிலும் 67 வயதிலும்.

படி 2: தலைமுறை விளைவைத் தேடுங்கள்

ஷாயின் குறுக்குவெட்டுத் தரவில் பல திறன்கள் இளம் வயதிலிருந்தே சரிவதுபோலத் தெரிந்தன. அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது, பெரும்பாலான திறன்களில் சராசரி இறக்கம் 60 வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் தெளிவாக வந்தது. ஏன் இந்த முரண்? 1889-இல் பிறந்தவரின் பள்ளிப்படிப்பு, பின்னால் பிறந்தவர்களுடையதைவிடக் குறைவு. தர்க்கச் சோதனையில் அவர் குறைவாக வாங்கியதில் ஒரு பங்கு வயதால் வந்தது, ஒரு பங்கு அவர் பிறந்த காலத்தால் வந்தது. இந்த இரண்டாம் பங்குதான் தலைமுறை விளைவு.

அட்டவணையில் 67 என்ற வயது இரண்டு இடத்தில் இருக்கிறது பாருங்கள். வயது ஒன்றே, பிறப்பு மட்டும் 7 ஆண்டு தள்ளி. அந்த இரண்டு சராசரிகளும் கணிசமாக வேறுபட்டால், குறுக்குவெட்டில் தெரிந்த சரிவை முழுக்க வயதின் கணக்கில் எழுத முடியாது. இந்த வித்தியாசத்திலும் 1956-க்கும் 1963-க்கும் இடையிலான காலமாற்றம் கலந்திருக்கும். பிறந்த ஆண்டையும் வயதையும் கூட்டினால் சோதித்த ஆண்டு வந்துவிடும் என்பதால், மூன்றையும் கணக்கு மட்டும் வைத்துப் பிரிக்க எந்த மென்பொருளாலும் ஆகாது. எதை நிலையானதாகக் கொள்கிறோம் என்று ஆய்வாளர்தான் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

(இந்திய நெடுங்கால முதுமை ஆய்வான ‘லாசி’யின் பெயரிலேயே நெடுங்காலம் இருக்கிறது. ஆனாலும் 2017-18 முதல் சுற்றை மட்டும் எடுத்தால் உங்கள் கையில் இருப்பது குறுக்குவெட்டுத் தரவுதான்.)

படி 3: விலகியவர்களை எண்ணுங்கள்

நெடுங்கால ஆய்வு கோட்டைவிடுவது இங்கேதான். 1956-இல் வந்த 500 பேரில் 1963-இல் மறுபடி வந்தவர்கள் 303 பேர். யாரோ சிலர் தற்செயலாக விடுபட்டிருந்தால் பெரிய கவலை இல்லை. முதுமை ஆய்வில் விடுபடுவோர் பெரும்பாலும் நோயாளிகள், நினைவு மங்கியவர்கள், இறந்தவர்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. 70 வயதில் 100 பேர், சராசரி மதிப்பெண் 50. ஏழு ஆண்டு கழித்து 60 பேர் வருகிறார்கள், சராசரி 51. ‘வயதாகியும் 1 கூடியிருக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த 60 பேரின் முதல் சுற்றுச் சராசரியைத் தனியே எடுங்கள்: 54 என்று வருகிறது. ஆக, அவர்கள் 3 இறங்கியிருக்கிறார்கள். வராத 40 பேரின் முதல் சுற்றுச் சராசரி (5000 − 3240) ÷ 40 = 44. தொடக்கத்திலேயே பின்தங்கியவர்கள்தான் கழன்றுகொண்டார்கள்.

ஆர் என்ற புள்ளியியல் மொழியில் இதற்கு இரண்டு வரி போதும். d என்பது தரவு அட்டவணை; score1, score2 இரண்டும் முதல், இரண்டாம் சுற்று மதிப்பெண்கள்:

```
d$returned <- !is.na(d$score2)
aggregate(score1 ~ returned, data = d, FUN = mean)
```

இரண்டு சராசரிகளும் எட்டி நின்றால், வந்தவர்களை மட்டும் வைத்து முடிவு எழுதாதீர்கள். ஒரு சுற்றுக்கு மட்டும் வந்தவரின் தரவையும் பயன்படுத்தும் கலப்பு மாதிரி என்ற புள்ளியியல் முறை உதவும். ஆனால், ஒருவர் விலகுவதை ஏற்கெனவே பதிவான மதிப்பெண்ணும் மாதிரியில் சேர்த்த பிற விவரங்களும் விளக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. முதல் சுற்றில் நன்றாக எழுதியவர், இடையில் மறதிநோய் வந்து, அதனாலேயே வராமல் போனால் அந்த இறக்கம் மாதிரியின் கண்ணில் படாது.

படி 4: பழக்கத்தைக் கழியுங்கள்

அதே வினாத்தாளை இரண்டாம் முறை எழுதுபவர் பழக்கத்தால் கொஞ்சம் கூடுதலாக வாங்குவார். ஷாய் புதியவர்களைச் சேர்த்ததன் பயன் இங்கே தெரியும்: 1963-இல் முதல்முறை எழுதும் 67 வயதினரை, இரண்டாம் முறை எழுதும் 67 வயதினரோடு ஒப்பிடலாம். வித்தியாசம் முழுவதும் பழக்கம் அல்ல. திரும்பி வந்தவர்கள் படி 3-இன் சல்லடையில் தேறியவர்கள். அதனால் முதலில் விலகல் கணக்கைப் போட்டுவிட்டு இதற்கு வாருங்கள்.

படி 5: வராததற்கான காரணத்தைப் பதிவு செய்யுங்கள்

இறப்பு, நோய், இடமாற்றம், மறுப்பு, தொடர்பு கிடைக்கவில்லை என்று ஐந்து குறியீடுகளை முதல் சுற்றிலேயே முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் வெற்றுக் கட்டமாக விட்டால் பின்னால் பிரிக்கவே முடியாது. குறிப்பாக, இறந்தவரையும் மறுத்தவரையும் ஒன்றாகக் கட்டக் கூடாது. மறுத்தவருக்கு இன்று ஒரு மதிப்பெண் இருக்கிறது, நம்மிடம்தான் இல்லை. படி 3-இன் கணக்கில் இடையில் இறந்தவருக்கு 77 வயது மதிப்பெண் என்று ஒன்றே கிடையாது. அதை மென்பொருளைக் கொண்டு நிரப்பினால் இல்லாத ஒருவரின் முதுமையைக் கணக்கிடுகிறோம்.